மெரூன் சாறி படத்தில் ஏன் சிவப்பாகிறது? போனிலேயே சரியான நிறத்தில் எடுக்கும் முறை

"அக்கா, படத்தில சிவப்பு. கையில வந்தது மெரூன். மாத்தித் தர ஏலுமா?"

ஒன்லைனில் சாறி விற்கும் எவருக்கும் இந்த மெசேஜ் பழக்கப்பட்டதுதான். பெரும்பாலும் படத்தை எடுத்தவர் பில்டர் எதுவும் போட்டிருக்க மாட்டார். சாறியை விரித்தார், போனை நீட்டினார், ஒரு கிளிக். நிறம் மாறியது போனுக்குள்ளே.

தங்கக் கரை வைத்த ஒரு மெரூன் பட்டுச் சாறியை மட்டும் எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் வாடிக்கையாளருக்கு அனுப்பும்வரை போவோம். தேவையானவை ஒரு போன், ஜன்னல், புத்தகக் கடையில் வாங்கிய வெள்ளை பிரிஸ்டல் போர்ட் ஒன்று. கமரா சாமான் விற்கும் கடையில் சாம்பல் அட்டை கிடைத்தால் அதையும் வாங்கி வையுங்கள்.

போன் என்ன நினைக்கிறது?

சாறி என்பது போனுக்குத் தெரியாது. தன் முன்னால் எவ்வளவு வெளிச்சம் என்பதை மட்டும் அளக்கும். அளந்துவிட்டு, முழுப் படமும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிற அளவுக்கு வெளிச்சமாக வருமாறு சரிசெய்யும். அந்த நடுத்தரச் சாம்பல், தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புவது. கமராக் கடையில் விற்கும் சாம்பல் அட்டையும் அதே அளவுதான்.

இப்போது மெரூனைப் பாருங்கள். கணினியில் மெரூன் என்று பெயரிடப்பட்ட நிறத்தின் எண்கள், 0 முதல் 255 வரையான அளவில், சிவப்பு 128, பச்சை 0, நீலம் 0. கண்ணுக்கு அதன் வெளிச்சம் ஏறக்குறைய 5 சதவீதம்தான். விரித்த சாறி படம் முழுவதையும் நிரப்பிவிட்டால் "இங்கே இருட்டாக இருக்கிறது" என்று போன் முடிவெடுத்து, வெளிச்சத்தைக் கூட்டத் தொடங்கும். இந்த எண்கள் வெளிச்சம் கூடும் அதே வேகத்தில் கூடுவதில்லை. வெளிச்சத்தை இரு மடங்காக்கினால் அந்த 128 என்பது 176 ஆகும். நான்கு மடங்காக்கினால் 239. அது மெரூனே இல்லை, தக்காளிச் சிவப்பு. இன்றைய போன்கள் கொஞ்சம் புத்தியாக நடந்து அவ்வளவு தூரம் போகாமல் நிற்பதுண்டு. ஆனால் போகும் திசை இதுதான்.

வெள்ளைச் சட்டைக்கு இதுவே தலைகீழாக நடக்கும். வெளிச்சம் அதிகம் என்று நினைத்து போன் குறைக்கும், வெள்ளை அழுக்குச் சாம்பலாகும்.

படி 1: ஒரே ஒரு வெளிச்சம்

அறையின் எல்லா லைட்டையும் அணையுங்கள். இதைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வராது, "இருட்டாகிவிடுமே" என்பார்கள். கொழும்பில் ஜன்னலோரம் பகலில் இருட்டுவதில்லை. ஜன்னல் ஒளியும் மஞ்சள் பல்பும் சேர்ந்தால், மடிப்பின் ஒரு பக்கம் நீலம் கலந்தும் மறுபக்கம் ஆரஞ்சு கலந்தும் வரும். ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பல்பு சுமார் 3000, மேகமூட்டப் பகல் வெளிச்சம் 6500 அளவில். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். எடிட்டிங்கில் இதற்கு மருந்து இல்லை.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த பிளாட் என்றால் பின்னேரம் வேண்டாம். மேற்கு வெயில் நேராக உள்ளே விழுந்து, பட்டின் மேடுகளை வெளிறச் செய்யும். காலையில், வெயில் கட்டடத்தின் மறுபக்கம் நிற்கும்போது எடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரையான மழைக்கால மேகமூட்டம் படமெடுக்க நல்லது. வானமே ஒரு பெரிய வெள்ளைத் திரையாகிவிடும். நேர் வெயில் தவிர்க்க முடியாவிட்டால் ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். நிறத் திரைச்சீலை வேண்டாம். பச்சைத் திரையும் பச்சைச் சுவரும் தங்கள் நிறத்தைச் சாறிமேல் கொட்டும். உங்கள் உடுப்பும் அப்படித்தான், அன்றைக்குப் பளிச்சென்ற நிறத்தில் உடுத்த வேண்டாம்.

இரவில்தான் நேரம் என்றால், பெட்டியில் CRI 90 அல்லது அதற்கு மேல் என்று போட்ட எல்ஈடி பல்பு வாங்குங்கள். நிறங்களை அந்த ஒளி எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவுதான் CRI. மலிவான எல்ஈடிகளின் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. அதன் கீழே மெரூன் மண் நிறமாகத்தான் தெரியும், கமரா அதைத் திருத்தித் தராது.

படி 2: துணியைத் துணியாகக் காட்டுவது

நிறத்தைவிடத் துணியின் தன்மையைத்தான் அநேகர் கெடுத்துக்கொள்கிறார்கள். போனின் பிளாஷ் நேராக முன்னாலிருந்து அடிக்கும். நூலின் நிழல் நூலுக்குப் பின்னாலேயே ஒளிந்துவிடுவதால் நெசவு தட்டையாகிவிடும். மருதமுனைக் கைத்தறிச் சேலையைப் பிளாஷில் எடுத்துப் பாருங்கள், அச்சடித்த தாள்போல வரும்.

ஒளி பக்கத்திலிருந்து, துணியின் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு போவதுபோல வரவேண்டும். ஜன்னலுக்கு அருகில் மேசை போட்டு, அதன்மேல் சாறியை இரண்டு மூன்று தளர்வான மடிப்புகளுடன் விரியுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் பிரிஸ்டல் போர்ட்டை நிமிர்த்தி வையுங்கள். மடிப்பின் கறுத்த பக்கத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் திரும்பிப் போகும். போர்ட்டை நெருங்கக் கொண்டுவந்தால் நிழல் குறையும், விலக்கினால் கூடும். கைத்தறிக்கு நிழல் சற்றுக் கூடுதலாகவே இருக்கட்டும், நூலின் தடிப்பு அப்போதுதான் தெரியும்.

பட்டுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பட்டின் மினுமினுப்பில் தெரிவது சாறியின் நிறம் அல்ல, ஜன்னலின் நிறம். அந்த இடத்தில் மெரூன் இளஞ்சிவப்பாக வெளிறிப்போகும். போனைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக இடமும் வலமும் நகருங்கள். ஓரிடத்தில் அந்த வெள்ளைப் பூச்சு விலகி மடிப்பின் உச்சியில் மெல்லிய கோடாக மட்டும் நிற்கும். அந்த இடத்தில்தான் எடுக்கவேண்டும். மினுமினுப்பை முற்றாகத் துடைத்தாலும் பிழை, பார்ப்பவருக்குப் பருத்தி என்று தோன்றும்.

படி 3: கமராவைப் பூட்டுவது

போனில் அழகூட்டும் மோட் எதுவும் இருந்தால் அணையுங்கள். 1x லென்ஸில் நில்லுங்கள். ஸூம் செய்யாமல் கிட்டப் போங்கள். ஸூம் செய்தால் போன் படத்தை நீட்டி, பின் புள்ளிகளை மறைக்க வழவழப்பாக்கும். முரட்டுக் கொட்டன், சாட்டின் துணியாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சாறியின் ஓரத்தில், அதே வெளிச்சம் விழும் இடத்தில், சாம்பல் அட்டையை வையுங்கள். திரையில் அட்டையின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று மேலே மஞ்சளாக வரும், மற்றப் போன்களில் பூட்டுச் சின்னம் வரும். இனிப் போன் வெளிச்சத்தைத் தானாகக் கூட்டாது.

அட்டை இல்லாவிட்டால் வெள்ளைத் தாள் ஒன்றில் பென்சிலால் மெல்லியதாக ஒரு கோடு போட்டு அதை வையுங்கள். தாளின்மேல் அழுத்திப் பூட்டினால் தாள் சாம்பலாகத் தெரியும். பக்கத்தில் வரும் சூரியச் சின்னத்தை மேலே இழுங்கள். தாள் வெள்ளையாகும் வரை போகலாம், ஆனால் பென்சில் கோடு மறையக்கூடாது. கோடு மறைந்தால் கூடிவிட்டது, இறக்குங்கள். இப்போது சாறியைப் பாருங்கள். முன்னைவிட இருட்டாக, கவர்ச்சி குறைவாகத் தோன்றும். அதுதான் மெரூன்.

அட்டை மூலையில் இருக்கும்போதே எடுங்கள், பிறகு வெட்டிக்கொள்ளலாம். நெருக்கமான நெசவில் வானவில் அலைபோல் கோடுகள் வந்தால் போனை அரை அடி முன்னோ பின்னோ நகர்த்தினால் போய்விடும்.

படி 4: எடிட்டிங்

படம் முழுக்கச் சிவப்பு என்பதால், வெளிச்சமே சிவந்திருக்கிறது என்று போன் நினைத்து நீலப் பக்கமாகத் தள்ளியிருக்கும். மெரூனில் கத்தரிப்பூச் சாயல் தட்டுவது அதனால்தான். Snapseed என்ற எடிட்டிங் ஆப்பைத் திறந்து White Balance போய், சொட்டுக்குழாய்ச் சின்னத்தைச் சாம்பல் அட்டையின்மேல் வையுங்கள். சாயல் போகும். வெள்ளைத் தாளிலும் இதைச் செய்யலாம், ஆனால் பல தாள்களில் வெள்ளையைக் கூட்டிக் காட்டும் இரசாயனம் உண்டு. அது ஜன்னல் ஒளியில் நீலம் வீசும், அதை நம்பிச் சரிசெய்தால் படம் சற்று மஞ்சளடிக்கும்.

அடுத்து, சாறியை அதே ஜன்னலடியில் போன் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். அதற்குமுன் திரையைச் சரியாக்க வேண்டும். திரையின் நிறத்தைத் தானாக மாற்றும் இரவு மோட், ஐபோனின் True Tone இரண்டையும் அணையுங்கள். சாம்சுங் என்றால் Screen mode என்பதில் Vivid அல்லாமல் Natural தெரிவுசெய்யுங்கள். நிறத்தைத் தூக்கிக்காட்டும் திரையில் எடிட் செய்தால், படத்தை மந்தமாக்கி அனுப்பிவிடுவீர்கள்.

இன்னும் வித்தியாசம் தெரிந்தால் Brightness மட்டும் கொஞ்சம். Saturation பக்கம் போகவேண்டாம் என்பது என் பிடிவாதம். சிவப்பு ஏற்கெனவே தன் உச்சத்துக்குக் கிட்ட நிற்கும் இடங்களில் அதைக் கூட்டினால், எண் 255-ஐத் தொட்டு அங்கேயே நிற்கும். பக்கத்துப் புள்ளிகளும் வந்து அதே 255-இல் நிற்கும். மடிப்பும் நூலும் கரைந்து ஒரு சிவப்புத் திட்டு மிஞ்சும். திட்டுத் தெரிந்தால் எடிட்டிங்கில் தேடவேண்டாம், படத்தையே மறுபடி எடுங்கள். Structure, Sharpening இரண்டும் அப்படியே ஆபத்து. இருபது புள்ளி கூட்டினால் மென்பட்டு சாக்குத் துணியாகும்.

படி 5: அனுப்புவது

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கும். சுருக்கும்போது வெளிச்ச விவரத்தைவிட நிற விவரம்தான் அதிகம் போகும். அதனால் சிவப்புக்குள் ஓடும் மெல்லிய சரிகை மங்கி வழியும். கரையைக் கிட்ட எடுத்த படத்தை Document ஆக அனுப்புங்கள். வாங்குபவர் திரை எப்படியிருக்கிறது என்பது உங்கள் கையில் இல்லை. அதனால் பெயரையும் எழுதுங்கள்: "மெரூன், அரக்கு நிறத்துக்குக் கிட்ட, சிவப்பு அல்ல."

மயில்கழுத்துப் பட்டுக்கு இவ்வளவும் போதாது. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் என்பதால் பார்க்கும் பக்கம் மாறினால் சாறியே மாறும். அதில் எந்தப் படமும் தனியே சரியல்ல. நின்ற இடத்தை மாற்றி இரண்டு படம், சாறியை மெதுவாக அசைத்து ஒரு சின்ன வீடியோ, மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.