மக்ரூனுக்கு நுரை எழும்பாதபோது: வெள்ளைக்கருவில் கலக்கும் கொழுப்பு

தூத்துக்குடி மக்ரூனில் சேர்பவை மூன்றே பொருள்கள்: வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு. இவற்றில் முந்திரியின் எடையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு. ஒரு துளி மஞ்சள்கரு விழுந்தாலே நுரை எழும்பாது என்று எச்சரிக்கும் அதே சமையற்காரர்கள், கடைசியில் கிண்ணம் கிண்ணமாக முந்திரித் தூளைக் கொட்டுகிறார்களே என்ற ஐயம் நியாயமானது. கொழுப்பு எந்த நேரத்தில் வந்து சேர்கிறது என்பதில்தான் இதற்கான விடை இருக்கிறது.

வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்; மீதியில் பெரும்பகுதி புரதம். அந்தப் புரதங்கள் நூற்கண்டுகளைப் போலச் சுருண்டு கிடக்கின்றன. அடிக்கும்போது அவை பிரிந்து, ஒரு பக்கம் தண்ணீரையும் மறுபக்கம் காற்றையும் நோக்கியபடி ஒவ்வொரு குமிழியின் மேற்பரப்பிலும் வந்து படிந்து, ஒன்றோடொன்று பிணைந்து, குமிழிக்குச் சுவராகின்றன. மஞ்சள்கருவின் கொழுப்பும் அதிலுள்ள லெசித்தினும் அதே மேற்பரப்புக்குத்தான் ஓடிவருகின்றன, அதுவும் புரதத்தை முந்திக்கொண்டு. ஆனால் அவை இடத்தைப் பிடித்துக்கொள்ளுமே தவிர, பக்கத்திலுள்ள புரதத்தோடு பிணைவதில்லை. சுவரில் இப்படி ஓட்டை விழுவதால் சிறு குமிழிகள் உடைந்து பெருங்குமிழிகளாகின்றன. ஒரே துளி மஞ்சள்கரு, எழும்ப வேண்டிய நுரையின் அளவை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடக்கூடும்.

மஞ்சள்கரு கண்ணுக்குத் தெரியும். எண்ணெய்ப் பிசுக்கு தெரியாது. பாளையங்கோட்டையில் என் சித்தி ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஆறு முட்டையின் வெள்ளைக்கருவை, ஏறக்குறைய 180 கிராம், பீட்டரால் அடித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கடந்தும் சோப்புத் தண்ணீரைப் போலப் பெரிய குமிழிகள் மேலே மிதந்தன. அடியில் மங்கிய நீர் தேங்கியது. “மஞ்சக்கரு ஒரு பொட்டுகூட விழலியே” என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் பேசினில்தான் முந்தின நாள் நெய் ஊற்றி முறுக்கு மாவு பிசைந்திருந்தார்கள். பிளாஸ்டிக்கில் கொழுப்பு ஒட்டிக்கொள்ளும், சாதாரணமாகக் கழுவினால் முழுவதும் போகாது. தேங்காய் எண்ணெய் பட்ட பாத்திரமும் இப்படித்தான்: ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடுவதால், மார்கழிக் காலையின் குளிர்ந்த நீரில் கழுவினால் மெல்லிய படலமாக அப்படியே நின்றுவிடும்.

மறுமுறை எவர்சில்வர் பாத்திரத்தையும் பீட்டரின் கம்பிகளையும் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, எலுமிச்சை மூடியால் உட்புறம் தேய்த்து, காயவைத்த பிறகு அடித்தார். மூன்று நான்கு நிமிடங்களில் நுரை வெளுத்து, கம்பி சென்ற தடம் அழியாமல் நின்றது. பாத்திரத்தைத் துடைக்கும் துணியும் அடுப்படித் துணியாக இருக்கக்கூடாது என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தாமதமாகும் நுரையையும் எழும்பவே மறுக்கும் நுரையையும் குழப்பிக்கொள்வது அடுத்த தவறு. முட்டை சில்லென்று இருந்தாலோ சர்க்கரையை முதலிலேயே கொட்டிவிட்டாலோ நேரம் கூடும், ஆனால் நுரை மெல்ல மெல்லத் திரளும். கொழுப்பு சேர்ந்திருந்தால் எவ்வளவு அடித்தாலும் அதே நிலையில் நிற்கும். மேலும் அடிப்பது மின்சாரச் செலவுதான்.

முட்டையைக் குளிர்ந்திருக்கும்போது பிரித்துவிட்டு, வெள்ளைக்கருவை அறை வெப்பத்துக்கு வந்தபின் அடிப்பது நல்லது. நம் ஊர் வெயிலில் சில நாள் வெளியில் கிடந்த முட்டையில் மஞ்சள்கருவின் சவ்வு தளர்ந்து, உடைத்தவுடன் கிழிந்துவிடும். ஒவ்வொரு முட்டையையும் முதலில் சிறு கிண்ணத்தில் பிரித்து, சுத்தமாக இருந்தால் மட்டும் பெரிய பாத்திரத்தில் சேர்த்தால், ஆறாவது முட்டை முதல் ஐந்தையும் கெடுக்காது. மஞ்சள் பொட்டு விழுந்துவிட்டால், கலக்காமல் முட்டை ஓட்டின் விளிம்பால் அள்ளி எடுத்துவிடலாம். கலந்துவிட்ட பின்னர் மீட்க வழியில்லை. ஆம்லெட்டுக்கு வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

இனி முந்திரிக்கு வரலாம். நுரை மென்மையாகத் திரண்ட பிறகு 300 கிராம் பொடித்த சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, முனை நிமிர்ந்து நிற்கும்வரை அடித்தால், புரதச் சுவர் பிணைந்து முடிந்திருக்கும். குமிழிகளுக்கிடையிலான நீரும் பாகாகிக் கெட்டிப்பட்டு எளிதில் வடியாது. அப்போது வரும் கொழுப்புக்கு மேற்பரப்பில் அவ்வளவாக இடம் கிடைப்பதில்லை. முந்திரியின் எண்ணெயும் பெரும்பாலும் துகளுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். ஆனால் மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டினால் பருப்பு சூடேறி எண்ணெய் விட்டுத் திப்பித் திப்பியாக ஒட்டும். அந்தப் பசை நுரையை அமுக்கிவிடும். ஆகவே ஈரமில்லாத பருப்பை விட்டு விட்டு ஓட்டி, உதிரியாக இருக்கும்போதே எடுத்து, அந்த முந்திரித் தூள் 300 கிராமையும் இரண்டு மூன்று தவணையாகத் தூவி, கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்ட வேண்டும். பீட்டரை இந்தக் கட்டத்தில் தொடக்கூடாது. புரட்டிய கலவையைக் காத்திருக்க வைத்தால் முந்திரியின் எண்ணெய் தன் வேலையைத் தொடங்கிவிடும் என்பதால், தட்டில் கூம்புகளாகப் பிழிந்து உடனே மிதமான சூட்டில் ஏற்றிவிடுவார்கள்.