தெருச் சாலைக் கணக்கை ஆர்டிஐயில் எடுத்துச் செய்தியாக்குவது எப்படி?

'ஏன் சாலை இவ்வளவு மோசமாக இருக்கிறது?' என்று தகவல் உரிமை மனுவில் கேட்காதீர்கள். அது விளக்கம் கேட்பது. தட்டிக்கழிக்க வசதியான கேள்வி. இருக்கிற ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: தெருவின் பெயர், ஆண்டு, அந்தப் பணியின் மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகப் பக்கங்கள், இறுதி பில். பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும்.

இதில் உயிர்நாடி அளவுப் புத்தகம்தான். பொறியாளர் அளந்ததாக எழுதிய நீளம், அகலம், கனம் எல்லாம் அதில் இருக்கும். அப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள். புத்தகத்தில் 200 மீட்டர், தரையில் 140 மீட்டர் என்றால், அந்த 60 மீட்டர்தான் உங்கள் செய்தியின் முதல் வரி. ஆனால் அவசரப்படாதீர்கள்: பக்கத்துச் சந்தும் அதே பணியில் சேர்ந்திருக்கலாம், மதிப்பீட்டைப் பாருங்கள். பொறியாளர், ஒப்பந்ததாரர் இருவரிடமும் பதில் கேட்ட பிறகே எழுதுங்கள்.

30 நாளில் பதில் வரவில்லையா? அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள், அதற்காகத்தான் பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்வது.