உராய்வு காற்றை வேகப்படுத்துமா? ஒரு நீண்ட குழாயை வைத்துப் படிப்படியாகக் கணித்தல்

சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள ஓர் அரிசி ஆலையில், கொம்பிரஷர் அறையிலிருந்து ஆலையின் பின்புறம் வரை ஓர் இரும்புக் குழாய் போடப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். குழாயின் உள்விட்டம் 25 மில்லிமீற்றர், நீளம் 12 மீற்றர். உமியையும் தூசியையும் ஊதித் தள்ளுவதற்காக அதன் மறுமுனை திறந்து விடப்படுகிறது. தாங்கியில் தனி அமுக்கம் 8 பார், அதாவது மானியில் ஏறத்தாழ 7 பார். வெப்பநிலை 303 கெல்வின், நமது மாவட்டத்தின் சாதாரண பகல் வெப்பம். இக்குழாயின் வழியே செக்கனுக்கு எவ்வளவு காற்று வெளியேறும், அது எந்த வேகத்தில் வெளியேறும் என்பதே கேள்வி.

குழாயின் குறுக்குப்பரப்பு மாறவில்லை. காற்று குழாயை மிக விரைவாகக் கடந்துவிடுவதால், சுவரின் வழியே வெப்பம் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் புறக்கணிக்கலாம். எஞ்சியிருப்பது சுவரின் உராய்வு மட்டுமே. இத்தகைய பாய்ச்சலை, இத்தாலியப் பொறியியலாளர் ஜீனோ ஃபானோவின் பெயரால் ஃபானோ பாய்ச்சல் என்று அழைக்கின்றனர்.

படி 1: காற்று ஏன் வேகம் கூடுகிறது?

உராய்வு எதையும் மெதுவாக்கும் என்றே நாம் எதிர்பார்க்கிறோம். நீர்க்குழாயில்கூட உராய்வினால் அமுக்கம் குறைகிறதே தவிர, நீரின் வேகம் மாறுவதில்லை. காற்றில் நிலைமை வேறு. உராய்வை வெல்ல அமுக்கம் குறைகிறது. அமுக்கம் குறைந்தால் காற்று விரிந்து அதன் அடர்த்தி குறைகிறது. ஒவ்வொரு குறுக்குவெட்டையும் செக்கனுக்கு ஒரே திணிவு கடந்தாக வேண்டுமாதலால், அடர்த்தி குறைந்த காற்று முன்னைவிட விரைவாக ஓடியே தீர வேண்டும். சந்தைக்கூட்டத்தில் இடம் கிடைத்தவுடன் முன்னே விரைகின்றவர்களைப் போல அல்ல இது. யாரும் விரும்பி விரையவில்லை, திணிவுக் காப்பு விதி அதைக் கட்டாயப்படுத்துகிறது.

இங்கேதான் கதை சற்றுச் சிக்கலாகிறது. காற்றை வேகப்படுத்துவதற்கும் விசை தேவை. அந்த விசையும் அமுக்க வீழ்ச்சியிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே குழாயின் ஒரு சிறு துண்டில் ஏற்படும் அமுக்க வீழ்ச்சி இரண்டு செலவுகளைச் சந்திக்கிறது: ஒன்று சுவரின் உராய்வு, மற்றையது காற்றை முடுக்குதல். முடுக்கத்துக்காக அமுக்கம் மேலும் குறைந்தால் அடர்த்தி மேலும் குறையும், அதனால் மேலும் முடுக்கம் தேவைப்படும். மெதுவான பாய்ச்சலில் இந்தச் சங்கிலி விரைவில் அடங்கிவிடும். ஒலிவேகத்தை நெருங்கும்போது அது அடங்க மறுக்கிறது.

படி 2: ஒலிவேகத்தில் ஏன் நிற்கிறது?

மொத்த அமுக்க வீழ்ச்சியில் முடுக்கத்துக்குச் செல்லும் பங்கைக் கணித்தால் பின்வரும் எளிய கோவை கிடைக்கும். இதில் `M` என்பது மாக் எண், அதாவது காற்றின் வேகத்தை ஒலிவேகத்தால் வகுத்தது. `γ` என்பது தன்வெப்ப விகிதம், காற்றுக்கு 1.4.

```
பங்கு = γM² / (1 + (γ−1)M²)
```

`M` = 0.24 அளவில் இப்பங்கு ஏறத்தாழ 8 சதவீதம். அதாவது அமுக்க வீழ்ச்சி பெரும்பாலும் உராய்வுக்கே போகிறது. `M` = 0.7 இல் அது 57 சதவீதம். `M` = 1 இல் சரியாக 100 சதவீதம். அந்த இடத்தில் அமுக்க வீழ்ச்சி முழுவதும் முடுக்கத்திலேயே தீர்ந்துவிடுவதால், உராய்வுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. அதற்கு மேலும் முடுகி ஒலிவேகத்தைக் கடக்க வேண்டுமானால், சுவர் காற்றைப் பின்னுக்கு இழுக்காமல் முன்னே தள்ள வேண்டும். எந்த இரும்புக் குழாயும் அப்படிச் செய்யாது.

இதே முடிவை என்ட்ரோபியின் வழியிலும் காணலாம். வெப்பம் பரிமாறப்படாத பாய்ச்சலில் உராய்வு என்ட்ரோபியைக் கூட்டவே செய்யும், ஒருபோதும் குறைக்காது. சக்திக் காப்பையும் திணிவுக் காப்பையும் ஒருசேர நிறைவு செய்யும் நிலைகளை எல்லாம் ஒரு வளைகோடாக வரைந்தால், அதில் என்ட்ரோபி உச்சமாக இருக்கும் புள்ளியைத் தேடலாம். என்ட்ரோபியை `s`, எந்தல்பியை `h`, அமுக்கத்தை `p`, அடர்த்தியை `ρ`, வேகத்தை `V` என்று குறித்தால், அப்புள்ளியில் `ds` = 0; ஆகவே `dh = dp/ρ`. சக்திச் சமன்பாடு `dh = −V dV` என்கிறது; திணிவுச் சமன்பாடு `dV/V = −dρ/ρ` என்கிறது. இவற்றை ஒன்றில் ஒன்று பிரதியிட்டால் `V² = dp/dρ` என வரும். என்ட்ரோபி மாறாத நிலையில் `dp/dρ` என்பது ஒலிவேகத்தின் வர்க்கமே. ஆகவே உச்சப்புள்ளி `M` = 1 ஆகும். ஒலியைவிட மெதுவான பாய்ச்சல் வளைகோட்டின் ஒரு கிளையில் இருந்தும், ஒலியைவிட விரைவான பாய்ச்சல் மறு கிளையில் இருந்தும் அந்த ஒரே உச்சியை நோக்கி நகர்கின்றன.

படி 3: நமது குழாயைக் கணித்தல்

`M` என்ற மாக் எண்ணில் தொடங்கும் பாய்ச்சல், ஒலிவேகத்தை அடைய வேண்டிய குழாய் நீளத்தை `L*` என்று குறிப்போம். `f` என்பது டார்சி உராய்வுக் காரணி, `D` என்பது உள்விட்டம்.

```
f·L*/D = (1−M²)/(γM²) + ((γ+1)/(2γ))·ln[ (γ+1)M² / (2+(γ−1)M²) ]
```

லூயிஸ் மூடி 1944 இல் வெளியிட்ட வரைபடத்தில் பார்த்தால், நமது பாய்ச்சலின் ரெனோல்ட்ஸ் எண்ணான ஏறத்தாழ பத்து இலட்சத்துக்கு, ஓரளவு வழவழப்பான குழாயில் `f` = 0.02 என எடுக்கலாம். பரப்பளவு அலகுக்கான திணிவுப் பாய்ச்சல் குழாய் நெடுகிலும் ஒன்றே என்பதால் ரெனோல்ட்ஸ் எண் அதிகம் மாறாது; எனவே `f` ஐ மாறிலியாக வைத்துக்கொள்வதில் பெரிய தவறில்லை.

வெளிமுனையில் `M` = 1 ஆகிறது என்று முதலில் ஊகித்துக்கொள்வோம்; அது சரியா என்பதைப் பின்னர் சோதிப்போம். அப்படியானால் `fL/D` = 0.02 × 12 / 0.025 = 9.6. இந்தப் பெறுமானத்தைத் தரும் `M` ஐக் கண்டுபிடிக்க வேண்டும். சமன்பாட்டை நேரடியாகத் தீர்க்க முடியாது. எனவே இரு எல்லைகளுக்கு இடையே பாதி பாதியாகக் குறுக்கிச் செல்வதே எளிது.

```python
from math import log
g = 1.4
def F(M):
    return (1-M*M)/(g*M*M) + (g+1)/(2*g)*log((g+1)*M*M/(2+(g-1)*M*M))
lo, hi = 0.01, 0.99
while hi - lo > 1e-6:
    m = (lo + hi)/2
    if F(m) > 9.6: lo = m
    else: hi = m
print(m)
```

விடை 0.238. குழாயின் வாயில் நன்கு வளைவாக இருந்து இழப்பு இல்லாவிட்டால், அங்கு அமுக்கம் 7.69 பார், வேகம் செக்கனுக்கு 83 மீற்றர். வெளிமுனை அமுக்கத்தைக் காண பின்வரும் விகிதம் போதும். இதில் `p*` என்பது `M` = 1 ஆகும் இடத்தின் அமுக்கம்.

```
p/p* = (1/M)·sqrt[ (γ+1) / (2+(γ−1)M²) ]
```

இது 4.58 ஆக வருவதால், வெளிமுனை அமுக்கம் 7.69 / 4.58 = 1.68 பார். வளிமண்டல அமுக்கமான 1.013 பாரைவிட இது அதிகம். ஆகவே நமது ஊகம் சரி. இவ்விடத்தில் வளிமண்டலத்தைவிடக் குறைந்த விடை வந்திருந்தால், வெளிமுனையில் ஒலிவேகம் எட்டப்படவில்லை என்று பொருள். அப்போது வெளிமுனை அமுக்கத்தை 1.013 பார் என்று வைத்து மீண்டும் கணிக்க வேண்டும். இக்குழாய்க்கு அந்த எல்லை தாங்கியில் 4.8 பார் தனி அமுக்கத்தில் உள்ளது.

வெளிமுனை வேகம் செக்கனுக்கு 318 மீற்றர். திணிவுப் பாய்ச்சல் செக்கனுக்கு 0.36 கிலோகிராம். குழாயே இல்லாமல், அதே விட்டமுள்ள வளைவான வாயிலின் வழியே மட்டும் காற்று வெளியேறியிருந்தால் 0.91 கிலோகிராம் போயிருக்கும். 500 லீற்றர் தாங்கியில் இருப்பதே ஏறத்தாழ 4.6 கிலோகிராம் காற்றுத்தான் என்பதால், இந்த எண்கள் வால்வைத் திறந்த முதற்கணத்துக்கே பொருந்தும். பிறகு தாங்கியின் அமுக்கம் வேகமாக இறங்கிவிடும்.

படி 4: முடுக்கம் எங்கே நிகழ்கிறது?

தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான். அதே வாய்பாட்டில் `M` = 0.5 என இட்டால் `f·L*/D` = 1.07; அதாவது `M` = 0.5 ஆகும் இடம் வெளிமுனையிலிருந்து 1.34 மீற்றரில் உள்ளது. `M` = 0.7 ஆகும் இடம் வெளிமுனையிலிருந்து வெறும் 26 சென்ரிமீற்றரில் உள்ளது. முதல் பத்தரை மீற்றர் முழுவதும் காற்று 0.238 இலிருந்து 0.5 வரைதான் வருகிறது. அதன்பின் கடைசி ஒன்றேகால் மீற்றரில் பாய்ந்து ஒலிவேகத்தை அடைகிறது. படி 2 இல் கண்ட அடங்காத சங்கிலி இங்கே வெளிப்படுகிறது. குழாயின் நடுவில் மானியைப் பொருத்திப் பார்ப்பவருக்கு, முனையில் நடப்பதைப் பற்றிய எந்த அறிகுறியும் தெரியாது.

படி 5: குழாயை நீட்டினால்?

அதே குழாயை 24 மீற்றராக்கினால் `fL/D` = 19.2. இப்போது வாயிலில் `M` = 0.177, வெளிமுனை அமுக்கம் 1.27 பார். வெளிமுனையில் மாக் எண் இன்னமும் 1 தான். திணிவுப் பாய்ச்சல் மட்டும் 0.27 கிலோகிராமாகக் குறைந்துவிட்டது. `L*` ஐவிட நீளமான குழாயைப் பொருத்தினால் உள்ளே வரும் பாய்ச்சலே தன்னைக் குறைத்துக்கொள்கிறது, ஒலிவேக எல்லை எப்போதும் குழாயின் முனையிலேயே நிற்கிறது.

ஒலியைவிட விரைவாக உட்செலுத்தினால் எதிர்மாறு: வேகம் குறையும், அமுக்கம் கூடும். மாக் 2 இல் தொடங்கினால் `L*` 38 சென்ரிமீற்றர் மட்டுமே. எவ்வளவு பெரிய மாக் எண்ணில் தொடங்கினாலும் இக்குழாயில் 1.03 மீற்றரைத் தாண்டாது, ஏனெனில் `f·L*/D` இன் உச்சப் பெறுமானம் 0.82 தான். குழாய் அதற்கு மேல் நீண்டிருந்தால் உள்ளே அதிர்ச்சி அலை தோன்றி, பாய்ச்சல் ஒலியைவிட மெதுவாகிவிடும்.

கணிப்பு பிழைத்தால் எங்கே பார்ப்பது?

முதலில் `f` ஐப் பாருங்கள். சில பாடநூல்கள் ஃபானிங் காரணியைப் பயன்படுத்தி `4fL*/D` என எழுதுகின்றன. அதன் பெறுமானம் டார்சிக் காரணியின் நான்கில் ஒன்று. அடர்சீர்ப் பாய்ச்சலுக்கு `64/Re` என்று தரும் நூல் டார்சியையும், `16/Re` என்று தரும் நூல் ஃபானிங்கையும் கையாள்கிறது. இரண்டையும் கலந்துவிட்டால் 9.6 என்பது 38.4 ஆகிவிடும்.

அடுத்தது வெப்பநிலை. வெளிமுனையில் காற்றின் வெப்பநிலை 252 கெல்வின், அதாவது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 21 பாகை. ஆயினும் குழாயைத் தொட்டுப் பார்த்தால் உறைந்திருக்காது. சுவரை ஒட்டிய மெல்லிய படையில் காற்று நின்றுவிடுவதால், அதன் இயக்கசக்தியில் பெரும்பகுதி மீண்டும் வெப்பமாகி, சுவர் ஏறத்தாழ 24 பாகையை உணர்கிறது. வெப்பம் பரிமாறப்படவில்லை என்ற எடுகோள் இவ்வளவு நன்றாகப் பொருந்துவதற்கும் இதுவே காரணம். நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமான, மெதுவான குழாய்களில் காற்று சூழலின் வெப்பநிலையிலேயே ஓடும்; அங்கு சமவெப்பப் பாய்ச்சலின் சமன்பாடுகளே பொருத்தம்.

உண்மையில் முனை ஒலிவேகத்தை எட்டிவிட்டதா என்று அறிய, வெளிமுனைக்கு மிக அருகே சுவரில் ஒரு சிறு துளையிட்டு மானியைப் பொருத்தலாம். ஒலிவேகம் எட்டப்படாத வரை அம்மானி பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். எட்டப்பட்டால் நமது கணிப்பின்படி அது ஏறத்தாழ 0.7 பாரைக் காட்டும். தாங்கியின் அமுக்கம் இறங்க இறங்க முனையின் தனி அமுக்கமும் அதே விகிதத்தில் இறங்கி, தாங்கியின் மானி 3.8 பாரைத் தொடும்போது முனையின் மானி பூச்சியத்துக்கு வந்துவிடும்.