கூடுதல் நிதி கேட்கும் கடிதத்தில் முதலில் எழுத வேண்டியது

குளச்சலில் 40 லட்சம் ரூபாயில் மீன் வலை பின்னும் கூடம் ஒன்றைக் கட்டும் திட்ட மேலாளர், கூடுதல் நிதி கேட்டுப் புரவலருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பாதி வேலை முடிந்திருக்கிறது. அதற்கு ஒதுக்கியது 20 லட்சம், செலவானதோ 23 லட்சம். இந்த 3 லட்சம் வித்தியாசம் எதனால் வந்தது என்பதைப் பொறுத்தே கேட்க வேண்டிய தொகை மாறும் என்பதால், கடிதத்தில் காரணமே முதலில் வர வேண்டும். கடற்கரை மணலில் அஸ்திவாரத்தை ஆழப்படுத்திய ஒருமுறைச் செலவு என்றால் 3 லட்சம் போதும். கம்பி, சிமெண்ட் விலையேற்றம் என்றால் மீதி வேலையிலும் அதே விகிதம் தொடரக்கூடும் என்பதால் 6 லட்சம் தேவைப்படும். இதைப் பிரித்துப் பார்க்காமல் 3 லட்சம் வாங்கிவிட்டு மூன்றாம் மாதமே மறுபடியும் போய் நிற்க நேரிடலாம். பிறகு, முழுத் தொகை தருவது, சுற்றுச்சுவரைக் கைவிட்டுக் குறைந்த தொகை தருவது என்ற இரு வழிகளையும், கூரை வேலைக்குக் கொட்டேஷன் காலாவதியாகும் தேதியையும் குறிப்பிடலாம்.