அறைக்கு ஒரு சப்-மீட்டர், ஆளுக்கு ஒரு கணக்கு

மின்கணக்கீட்டாளர் வரும் அன்றே அறைகளின் சப்-மீட்டர்களையும் படம் எடுத்துவிடுங்கள். நாள் தள்ளினால் கணக்கு ஒட்டாது.

எங்கள் வீட்டில் மூவர். இம்முறை 600 யூனிட், 3,000 ரூபாய். சராசரியாக யூனிட்டுக்கு 5 ரூபாய். ஏசி அறையில் 240, நடு அறையில் 120, என் அறையில் 90 யூனிட் ஓடியிருந்தது. மீதி 150 ஃபிரிட்ஜ், கூடம், மோட்டாருக்கானது, ஆளுக்கு 50. ஆக, பங்கு 1,450, 850, 700 ரூபாய்.

மின்கட்டணம் முழுவதையும் நடு அறைக்காரர் கட்டினார். தண்ணீர் லாரிக்கு 900 ரூபாய் நான் கொடுத்திருந்தேன், ஆளுக்கு 300. அவரவர் மொத்தப் பங்கிலிருந்து கொடுத்த பணத்தைக் கழித்தோம். ஏசி அறைக்காரர் 1,750, நான் 100, இரண்டும் நடு அறைக்காரருக்கே. எனக்கு யாரும் தனியாகத் தர வேண்டியதில்லை.

ஏசியால் கட்டணம் மேல் அடுக்குக்கு ஏறுகிறதென்றால், அந்தக் கூடுதலை யார் ஏற்பது என்று கோடைக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.