20 வருசம் ஒரே கம்பனியில இருந்துட்டு சிவி எழுதும்போது விடுற பிழைகள்

எங்கட வெள்ளவத்தை லேன்ல இருக்கிற அக்கா ஒருத்தர் போன மாசம் சிவியை எடுத்துக்கொண்டு வந்தா. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுல பருப்பு, கடலை, மல்லி இறக்குமதி செய்ற கம்பனி ஒண்டுல 20 வருசம் இருந்தவ, கிளார்க்கா சேந்து கடைசியில இம்போர்ட் பக்கம் முழுக்க அவட கையில. இப்ப கம்பனி ஆள் குறைச்சதால வெளிய வேலை தேடுறா. 16 இடத்துக்கு அனுப்பி ஒண்டுலயும் கூப்பிடல்ல. நான் ஒம்பது வருசமா ஆள் எடுக்கிற வேலை செய்றன், தினமும் சிவி பாக்கிறவன், ஆனா அவட முதல் பக்கத்தை வாசிச்சு எனக்கே ஒண்டும் விளங்கல்ல. இதுதான் அந்தப் பக்கத்துல இருந்த வரி, இங்கிலீஷ்ல இருந்ததை அப்பிடியே தமிழெழுத்துல போடுறன்: "பீகொக் சூப்பர் யூசர், யெலோ பைல் ஜீரோ, ரெட் டேபிள் கோர் மெம்பர், கிரேட் 4ஏ."

இதுல ஒரு சொல்லும் பொய் இல்ல. ஆனா ஒவ்வொண்டும் அந்தக் கட்டடத்துக்குள்ள மட்டும் செல்லுபடியான காசு மாதிரி, வாசலைத் தாண்டினா கடையில எடுக்க மாட்டாங்க.

எல்லாரும் இந்தப் பிழையைத்தான் சொல்லுவாங்க, உள்வீட்டுச் சொல்லை அப்பிடியே விடுறது எண்டு. எனக்கு அதைவிடப் பெரிசாப் பட்டது இதுக்கு எதிர்ப்பக்கம். ஆரோ ஒருத்தர் "ஜார்கன் எல்லாத்தையும் எடுத்துடுங்க" எண்டு சொல்லப் போய், அக்கா கஸ்டம்ஸுக்குக் குடுக்கிற கஸ்டெக், சாமானை வகைப்படுத்துற எச்எஸ் கோட், சப்ளையர்ட காசுக்கு பேங்க் பொறுப்பெடுக்கிற எல்சி, கொன்டெய்னரை எடுக்கிற டெலிவரி ஓர்டர், தாவர நோய் இல்லையெண்டு காட்டுற பைட்டோ சேர்ட்டிபிகேட் எல்லாத்தையும் வெட்டிட்டு அதுக்குப் பதிலா "அரசாங்கப் படிவங்கள், வங்கிக் கடிதங்கள், மற்ற டொகியுமென்ட்ஸ்" எண்டு எழுதி வச்சிருந்தா. ஐயோ, வேலை விளம்பரத்துல தேடுறதே அந்தச் சொற்களைத்தான்! பெரிய இடங்கள்ல சிவி நேரா சிஸ்டத்துக்குள்ள போகும், ஆள் எடுக்கிறவர் "கஸ்டெக்" எண்டோ "எல்சி" எண்டோ அடிச்சுத் தேடுவார், உங்கட சிவியில அந்தச் சொல் இல்லையெண்டா நீங்க 20 வருசம் கஸ்டம்ஸ் பேப்பர் செஞ்சதே அவருக்குத் தெரியவராது.

ஏன் இப்பிடி ஆகுதெண்டா, ஒரே இடத்துல இவ்வளவு காலம் இருந்தா எது வீட்டுச் சொல், எது தொழில்ட சொல் எண்டு பிரிச்சுப் பாக்கிற கண் போயிடும். பீகொக்கும் கஸ்டெக்கும் ஒரே மேசையில ஒரே நாள் பழகின சொல், ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்கும். நான் அக்காவுக்குச் சொன்ன வழி ரொம்ப லேசு: அந்தச் சொல் வெளியில இருந்து வந்த கடதாசி எதுலயாவது இருக்கா எண்டு பாருங்க. கப்பல் கம்பனி அனுப்பின அரைவல் நோட்டீஸ், பேங்க்கிட எல்சி கொப்பி, கஸ்டம்ஸ்ல பதிஞ்ச டிக்ளரேசன், கிளியரிங் ஏஜென்ட்ட பில். அதுல அச்சடிச்சிருந்தா அது தொழில்ட சொல், கட்டாயம் வச்சிருங்க. உங்கட ஆக்களிட ஈமெயில்லயும் வெள்ளைப் பலகையிலயும் மட்டும் இருந்தா அது வீட்டுச் சொல், அதைத்தான் மாத்தோணும். உதாரணமா அசிகூடா, அது ஐநாட யுன்க்டாட் அமைப்பு செஞ்சு கன நாட்டுக் கஸ்டம்ஸ்ல ஓடுற சிஸ்டம், இலங்கைக் கஸ்டம்ஸும் அதுதான் பாவிக்குது, அதை உள்வீட்டு டூல் எண்டு நினைச்சு எடுத்தா பெரிய நட்டம்.

சரி, பீகொக்குக்கு வருவம். அது கம்பனிட பழைய ஐடி தம்பி ஒருத்தர் எழுதின சொஃப்ட்வெயார், லோகோவுல மயில் இருக்கிறதால அந்தப் பேர். இங்கதான் ரெண்டாவது பெரிய பிழை வரும், பேருக்குப் பதிலா இன்னொரு பேர் போடுறது. அக்காட மருமகன், பெரிய கம்பனிகள்ல ஓடுற சாப் எண்ட சொஃப்ட்வெயாரை நினைச்சு, "சாப் மாதிரித்தானே, சாப் எண்டு போடுங்க" எண்டு சொல்லியிருக்கார். அப்பிடிப் போட்டா இன்டர்வியூவுல ஒரு கேள்வியில முடிஞ்சிடும். சாப் பாவிச்சவர் எண்டா பேர்ச்சேஸ் ஓர்டர் போடுறதுக்கு அடிக்கிற கோட் ME21N, சாமான் வந்து சேந்ததைப் பதியிறதுக்கு MIGO எண்டு தூக்கத்துலயும் சொல்லுவார், அது கை பழகின விசயம். நீங்க முழிச்சா, அவர் சாப் தெரியாது எண்டு மட்டும் நினைக்க மாட்டார், மிச்ச 20 வருசத்தையும் சந்தேகப்படுவார்.

டூல்ட பேரை மொழிபெயர்க்க ஏலாது, அது செய்ற வேலையைத்தான் மொழிபெயர்க்கலாம். நான் அக்காட்ட மூண்டு கேள்வி கேட்டன், அவ பதில் சொல்லச் சொல்ல எழுதினன். பீகொக்குக்குள்ள என்ன போடுவீங்க? "சப்ளையர்ட ப்ரோஃபோர்மா இன்வொய்ஸ், பிஎல் நம்பர், கப்பல் வாற திகதி." அதுல இருந்து என்ன எடுப்பீங்க? "எந்த கொன்டெய்னருக்கு என்ன பேப்பர் இன்னும் வரல்ல எண்ட லிஸ்ட், பிறகு டியூட்டி, கிளியரிங், லொறிக் கூலி எல்லாம் சேத்து ஒரு கிலோ பருப்பு ஸ்டோர்ஸுக்கு வந்து சேர எவ்வளவு முடியுது எண்டு." அதை அடுத்ததா ஆர் பாவிப்பாங்க? "சேல்ஸ் ஆக்கள் விலை போட, எக்கவுன்ட்ஸ் ஆக்கள் பேங்க்குக்குக் காசு ஒதுக்க."

இப்ப பாருங்க, அவட வாயிலயே பதில் இருக்கு. ஷிப்மென்ட் ட்ராக்கிங், லாண்டட் கோஸ்டிங், பேமென்ட் ஷெடியூல், இந்த மூண்டும்தான் விளம்பரத்துல வாற சொல். புது வரி இப்பிடி வந்தது: "மாசம் சுமார் 35 கொன்டெய்னருக்கு, கம்பனியே உருவாக்கின இம்போர்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டத்துல ஷிப்மென்ட் ட்ராக்கிங், லாண்டட் கோஸ்டிங், சப்ளையர் பேமென்ட் ஷெடியூலிங், புதுசா வந்த ஆறு பேருக்கு அந்த சிஸ்டத்தைப் பழக்கியது." சூப்பர் யூசர் எண்டதுட உண்மையான அர்த்தம் அந்தக் கடைசித் துண்டுதான். கம்பனியே உருவாக்கினது எண்டு வெளிப்படையா எழுதுறதுல ஒரு குறையும் இல்ல, பேரை மட்டும் எடுத்துடுங்க. கம்பனி முழுக்க நடத்துற சிஸ்டத்துக்குச் சொல்ற ஈஆர்பி எண்டும் போட வேண்டாம் எண்டு சொன்னன், ஏனெண்டா பீகொக்ல கணக்கு வழக்கும் இல்ல, சம்பளமும் இல்ல, இம்போர்ட் மட்டும்தான்.

யெலோ பைல் ஜீரோவுக்குத்தான் கனநேரம் போனது. அவங்கட ஒபிஸ்ல பேப்பர் ஒண்டாவது குறைஞ்ச ஷிப்மென்ட்டை மஞ்சள் பைல்ல போடுவாங்களாம், கப்பல் வாற அண்டைக்கு மேசையில மஞ்சள் பைல் இருக்கக் கூடாது, அதுதான் ஜீரோ. உள்ள இருக்கிறவங்களுக்கு அது பெரிய பெருமை, வெளிய இருக்கிறவருக்கு அது ஒரு நிறம். இப்பிடியான கணக்கு எல்லாத்தையும் நாளாவோ காசாவோ மாத்தோணும். "மஞ்சள் பைல் இருந்தா என்ன நடக்கும் அக்கா?" எண்டு கேட்டன். "பேப்பர் குறைஞ்சா கொன்டெய்னரை எடுக்க ஏலாது, இலவச நாள் முடிஞ்சதும் கப்பல் கம்பனி டெமரேஜ் எண்டு தாமதக் காசு போடத் தொடங்கும், துறைமுகத்துல வாடகையும் ஏறும்" எண்டா. முந்தி கப்பல் வந்து ஸ்டோர்ஸுக்கு சாமான் வர ஏழு நாள் மட்டில போகுமாம், அவ பேப்பரை முன்கூட்டியே எடுக்கத் தொடங்கின பிறகு நாலு நாள். அப்ப வரி: "கப்பல் வர முதல் டொகியுமென்ட் முடிக்கிற முறையைக் கொண்டுவந்து, கப்பல் வந்ததுல இருந்து ஸ்டோர்ஸ் வரைக்குமான நேரத்தை சுமார் 7 நாள்ல இருந்து 4 நாளுக்குக் குறைத்தது, டெமரேஜ் தவிர்த்தது." சுமார் எண்ட சொல்லை எடுக்க வேண்டாம், ஞாபகத்துல இருந்து சொல்ற கணக்கு அது. கம்பனிட ரிப்போர்ட்டை பென் ட்ரைவ்ல கொண்டுவந்து பாக்கிற வேலை செய்யாதீங்க, சப்ளையர்ட பேரும் விலையும் சிவிக்குத் தேவையே இல்ல.

ரெட் டேபிளை அவ கடைசி வரியில ஒளிச்சு வச்சிருந்தா, எனக்கு அதுதான் முதல் வரியா வரோணும் எண்டு பட்டுது. 2022ல டொலர் இல்லாம பேங்க் எல்சி திறக்கத் தயங்கின காலம், சாப்பாட்டுச் சாமான் கொன்டெய்னர்கள் கொழும்புத் துறைமுகத்துல தேங்கி நிண்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நேரம் செவ்வாய்க்கிழமை காலமை சிவப்புத் துணி விரிச்ச மேசையில நாலு பேர் இருந்து, கிடைக்கிற கொஞ்ச டொலர்ல எந்த ஷிப்மென்ட்டை முதல் எடுக்கிறது எண்டு முடிவெடுத்திருக்கினம், லிஸ்ட்டைச் செஞ்சு பேங்க்கோட கதைச்சது அக்கா. மேசைட பேரை எடுத்துட்டு, வருசத்தையும் காரணத்தையும் போட்டம்: "2022 அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டுக் காலத்துல இறக்குமதிக் கொடுப்பனவுகளை முன்னுரிமைப்படுத்தி, வங்கிகளோட எல்சி பேச்சுவார்த்தை நடத்தியது." கொழும்புல இம்போர்ட் ஆள் தேடுற எவருக்கும் இந்த வரி உடனே விளங்கும்.

கம்பனிட உள் பதவிப் படியான கிரேட் 4ஏ விசயத்துல கவனம் வேணும். அதைப் பாத்து பதவியை "இம்போர்ட் மேனேஜர்" எண்டு மாத்தினா, பிறகு சேர்விஸ் லெட்டர் கேக்கும்போது அதுல "சீனியர் எக்ஸிக்யூட்டிவ்" எண்டு இருக்கும், ரெண்டும் பொருந்தாம போயிடும். லெட்டர்ல இருக்கிற பதவியை அப்பிடியே வச்சுட்டு ஒரு கோடு போட்டு பக்கத்துல "இம்போர்ட்ஸ் அன்ட் ஷிப்பிங்" எண்டு பிரிவைச் சேத்தம், கிரேட்டை எடுத்துட்டம். எந்தச் சொல் எண்டு முடிவெடுக்க முதல், டொப்ஜொப்ஸ்லயும் சண்டே ஒப்சேவர்லயும் வந்த பத்து விளம்பரத்தைப் பக்கத்துல வச்சு அடிக்கோடு போட்டுப் பாத்தம், ஏனெண்டா இதே வேலைக்கு ஒரு இடத்துல ஷிப்பிங் எக்ஸிக்யூட்டிவ் எண்டுவாங்க, இன்னொரு இடத்துல சப்ளை செயின், வேறொரு இடத்துல வார்ஃப் வேலையையும் சேத்துப் போடுவாங்க. வார்ஃப் வேலை அக்கா செஞ்சதில்ல, கிளியரிங் ஏஜென்ட்தான் செஞ்சவர், அதனால அந்தச் சொல்லைத் தொடல்ல.

முடிச்ச பிறகு சிவியை அவட தங்கச்சிட்ட குடுத்தம், அவ களுபோவிலயில நேர்ஸ். அவ வாசிச்சு முடிச்சதும் "அக்கா என்ன வேலை செஞ்சிருக்கா?" எண்டு கேட்டன். "வெளிநாட்டுப் பருப்பை கப்பல்ல எடுத்து, பேப்பர் சரிக்கட்டி, விலை கணக்குப் பாத்து ஸ்டோர்ஸுக்குக் கொண்டுவந்திருக்கா, டொலர் இல்லாத நேரமும்" எண்டா. பிறகு கொஞ்சம் நிண்டுட்டு அக்காவைப் பாத்துச் சொன்னா, "இவ்வளவு காலம் நீ டைப் பண்ற வேலை எண்டெல்லோ நினைச்சன்."