வேலை முடிந்த நாளும் பில் போன நாளும்: கணக்கில் செய்யும் தவறுகள்

பிறையில் தொழிற்சாலைகளுக்கு ஏர்கோன் சர்வீஸ் செய்யும் ஒருவரின் கணக்கை நான் பார்த்து வந்தேன். ஒருநாள் அவர் சொன்னார்: “கஸ்டமர் சரியா முப்பது நாள்ல காசு போட்டுடுறாங்கக்கா. ஆனா மாசக் கடைசியில சம்பளத்துக்குக் கையில ஒண்ணும் இல்ல.”

அவர் ஒரு வேலையை மார்ச் 3-இல் முடித்து, டி.ஓ. எனும் டெலிவரி ஆர்டர் தாளில் கஸ்டமரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். இன்வாய்ஸ் தேதி மார்ச் 24, பணம் வந்தது ஏப்ரல் 23. நிலுவைப் பட்டியல் 30 நாள் என்றே காட்டியது, ஏனென்றால் அது இன்வாய்ஸ் தேதியிலிருந்துதான் எண்ணும். உண்மையில் அவர் காத்திருந்தது 51 நாள். கடிகாரத்தை இன்வாய்ஸிலிருந்து ஓட்டுவதுதான் முதல் தவறு. டி.ஓ.வில் கஸ்டமர் கையெழுத்திட்ட தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

அந்த 21 நாளின் விலை என்ன? மாதம் 60,000 ரிங்கிட் வேலை என்றால் நாளுக்கு 2,000. எல்லா வேலைக்கும் இதே தாமதம் என்றால் 42,000 ரிங்கிட் எப்போதும் வெளியே நிற்கும். கேஸ், உதிரிப்பாகம், ஆள் கூலி எல்லாம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. இதில் கஸ்டமர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பில்லே போகாதபோது அவர் எப்படிக் கொடுப்பார்?

இரண்டாவது தவறு, சாதாரண சராசரி எடுப்பது. 500 ரிங்கிட் வேலை ஒன்பதுக்கு அன்றே பில், 20,000 ரிங்கிட் வேலை ஒன்றுக்கு 30 நாள் கழித்துப் பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 3 நாள் என்று வரும், மனசும் ஆறிவிடும். தொகையால் பெருக்கிக் கணக்கிட்டால் ஏறக்குறைய 24.5 நாள். எக்செலில் B டி.ஓ. தேதி, C இன்வாய்ஸ் தேதி, D தொகை:

```
=SUMPRODUCT(C2:C11-B2:B11,D2:D11)/SUM(D2:D11)
```

மூன்றாவதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது: இன்னும் பில் போடாத வேலைகளைக் கணக்கிலிருந்து விட்டுவிடுவது. மிக மோசமாகத் தாமதமாவது அவைதானே! C கட்டத்தைக் காலியாக விட்டால் விடை பெரிய மைனஸில் வரும். அங்கே `=TODAY()` போடுங்கள். ஒப்பந்தத்திலேயே மாதம் ஒரு பில் என்று இருக்கும் வேலைகளை மட்டும் தனித் தாளில் வையுங்கள். அந்தக் காத்திருப்பு அலுவலகத்தின் சுணக்கம் அல்ல.

டி.ஓ. அலுவலகத்துக்கு வந்த தேதியையும் ஒரு பத்தியில் குறிக்கச் சொன்னேன். அந்த 21 நாளில் 17 நாள் அது வேனின் டேஷ்போர்டிலேயே கிடந்திருக்கிறது, பில் அடிக்க ஆனது வெறும் நான்கு நாள். இப்போது பையன்கள் கையெழுத்து வாங்கியதும், தொழிற்சாலை வாசலைத் தாண்டுவதற்குள் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள்.